'பாட்டில்நெக்' – தமிழில் என்ன? (அவசரம்)

மீனா:
திருப்பூர் பனியன் கம்பெனி சூப்பர்வைசர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். நாளை மாலை அச்சுக்குப் போகிறது. பக்கத்துக்குப் பக்கம் 'பாட்டில்நெக்' வருகிறது, அதாவது வேலை வரிசை முழுவதையும் மெதுவாக்கும் ஒரு கட்டம். 'புட்டிக்கழுத்து' என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த சூப்பர்வைசர், "எந்த சைஸ்ல கழுத்து தப்பா இருக்கு?" என்று கேட்டார்.

ரவி:
'முட்டுக்கட்டை' இருக்கிறதே, எல்லாருக்கும் புரியும்.

கந்தசாமி:
முட்டுக்கட்டை தேர்ச்சக்கரத்தை நிறுத்தும், எடுத்துவிட்டால் வேலை தீர்ந்தது. காலர் தைக்கும் வேலையை யாரும் எடுத்துவிட முடியுமா? மணிக்குக் கட்டிங் 60, காலர் 40, சைடு தையல் 55 என்றால் மற்றவர்கள் எவ்வளவு ஓட்டினாலும் 40 உருப்படிதான் வெளியே வரும். காலருக்கு இன்னொரு மிஷின் போட்டு 80 ஆக்கினால், அப்புறம் சைடு தையல்தான் பிடித்து நிறுத்தும். ஆக, இது தடை இல்லை, ஓட்டத்தின் அளவைத் தீர்மானிக்கும் குறுகல். 'இடுக்கு' என்பதிலிருந்து 'இடுக்கண்' எடுக்கலாம். கண் என்றால் இடம் என்றும் பொருள் உண்டு.

நளாயினி:
ஐயா, 'இடுக்கண் வருங்கால் நகுக' என்று படித்த சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டு நிற்பார். மீனா, புட்டி என்று நாங்கள் சொல்லமாட்டோம். யாழ்ப்பாணத்தில் போத்தல்தான்.

ரவி:
போத்தல் ஐரோப்பியரிடமிருந்து வந்த சொல்தானே? அதற்குக் குப்பியே மேல். எங்கள் ஊர் மருந்துக்கடையில் இன்னும்...

மீனா:
குப்பி வேண்டாம், கழுத்தும் வேண்டாம்! தமிழில் கழுத்து என்றாலே அறுப்பதும் நெரிப்பதும்தான் நினைவுக்கு வருகிறது. சிறுத்த பானையைக்கூட 'வாய் சிறுத்தது' என்கிறோம். அதனால் உருவத்தை விட்டுவிட்டு, இந்த நிலை வந்தால் தையல்காரர் வாயில் என்ன வரும் என்று கேட்டுப் பார்த்தேன். "காலர்கிட்ட மால் தேங்குது" என்றார்கள், மால் என்றால் சரக்கு. வாக்கியங்களில் 'எங்கே தேங்குகிறது?' என்றே எழுதிவிடலாம். தலைப்புக்கும் அட்டவணைக்கும்தான் பெயர்ச்சொல் தேவை. 'தேக்கமுனை' சரிவருமா?

கந்தசாமி:
தேங்குவது விளைவு, குறுகல் காரணம். ஊசி ஒடிந்தாலும் ஒருநாள் பண்டல் குவியும். அதையும் தேக்கமுனை என்பீர்களா? 'இடுக்குமுனை' என்று சொல்லுங்கள்.

நளாயினி:
வயல்காரருக்கு மடை தெரியும். 'சிறுமடை' எப்படி?

கந்தசாமி:
மடை திறந்து மூடுவது அம்மா. இது மூடுவதே இல்லை.

ரவி:
எனக்குத் தேக்கமுனை சரி. பொருளாதாரத் தேக்கத்தோடு குழம்பாதா என்பதுதான் யோசனை.

மீனா:
தினமும் ஒரே இடத்தில் குவிந்தால்தான் தேக்கமுனை, ஊசி ஒடிந்தால் அல்ல என்று முதல் பக்கத்திலேயே ஒரு வரி சேர்த்துவிட்டேன். இப்போதைக்கு அதையே அனுப்புகிறேன்.

கந்தசாமி:
அனுப்புங்கள். இரண்டாம் பதிப்பில் இடுக்குமுனைக்காக மறுபடி வருவேன்.