மழையில் சார்ஜ் போட்டபோது டிரிப் ஆனது, வயர்மேன் தேவை

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறேன். மின்சாரக் காரை போர்ச்சில் இருக்கும் சாதாரண 13 ஆம்பியர் பிளக்கில்தான் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடுவேன், 10 ஆம்பியர்தான் இழுக்கும். நேற்று மழைச் சாரல் அடித்தபோது, மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் ஆர்சிடி சுவிட்ச் இரண்டு தடவை டிரிப் ஆனது. மறுபடி தூக்கிவிடாமல் மெயின் போர்டில் அந்த லைனை அடைத்துவிட்டு, கை காய்ந்த பிறகு பிளக்கைப் பிடுங்கினேன். ஒரு பின் பழுப்பேறி, சாக்கெட் ஓரம் உருகியிருந்தது. நல்லவேளை, எக்ஸ்டென்ஷன் போடவில்லை.

காலையில் திரையில் மஞ்சள் நிறத்தில் சார்ஜிங் கோளாறு எச்சரிக்கை. படம் எடுத்து வைத்திருக்கிறேன். சிவப்பாக வந்தாலோ, புகை, கருகல் வாடை இருந்தாலோ காரைத் தொடாமல் தள்ளி நின்று 999 அழைக்க வேண்டும் என்று தெரியும், அப்படி எதுவும் இல்லை.

இப்படி வந்தவர்கள் இருக்கிறீர்களா, கோளாறு சாக்கெட்டிலா, சார்ஜரிலா, காரிலா, எப்படிப் பிரித்துப் பார்த்தீர்கள்? அப்புறம், கார் சார்ஜருக்கென்று தனி லைன் இழுத்து, எர்த்தும் சோதித்துத் தரும் லைசென்ஸ் உள்ள வயர்மேன் இந்தப் பக்கம் யாராவது தெரியுமா? பிள்ளைகள் அந்தப் போர்ச்சில்தான் விளையாடுகிறார்கள்.