திரை இரண்டு விநாடி இருண்டு திரும்புகிறது: கேபிளா, பனலா?

உவர்மலை நிலா
வணக்கம். திருகோணமலையில் வீட்டிலிருந்தபடி திருமண அழைப்பிதழ்கள் வடிவமைக்கிறேன். என் 24 அங்குல மொனிட்டர் ஒரு மாதமாக, நினைத்த நேரத்தில் முழுவதும் இருண்டு, இரண்டு விநாடியில் திரும்பி வருகிறது. இடையிடையே கருமையான பகுதிகளில் வெள்ளைப் புள்ளிகள் மின்னி மறைகின்றன. போதாததற்கு வலது மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி அசையாமல் நிற்கிறது. கடையில் பார்த்தவர் பனல் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்றார். கணினி அறையின் மறுபக்கம் இருப்பதால் 5 மீற்றர் எச்டிஎம்ஐ கேபிள் போட்டிருக்கிறேன். வைகாசி முகூர்த்த வேலை தலைக்கு மேல் இருக்கிறது. என்ன செய்யலாம்?

சாம்பல்தீவான்
மொனிட்டரின் பொத்தானை அழுத்தி அதன் சொந்த மெனுவைத் திறந்து வையுங்கள் அக்கா. அந்த மெனு கேபிள் வழியாக வருவதில்லை, மொனிட்டருக்குள்ளேயே உருவாகிறது. பின்னால் உள்ள படம் மட்டும் கெட்டால் கேபிள். மெனுவும் சேர்ந்து கெட்டால் பனல்.

உவர்மலை நிலா
அரை மணி நேரம் அடிக்கடி மெனுவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திரை இருண்டபோது மெனுவும் போய்விட்டது.

சாம்பல்தீவான்
அப்படியானால் கடைக்காரர் சொன்னதுதான் சரி.

கிண்ணியா மீரான்
இது மின்னழுத்தக் கோளாறு. எங்கள் வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டவுடன் மொனிட்டர் மங்கும். ஸ்டெபிலைசர் வாங்குங்கள்.

பழைய சோல்டர்
சாம்பல்தீவான் தம்பி, சோதனை சரி, தீர்ப்புத்தான் பிழை. கேபிளில் சிக்னல் அறுந்தால் மொனிட்டர் பின்விளக்கை அணைத்துவிட்டு, கணினியோடு மீண்டும் இணையப் பார்க்கும். அந்த இரண்டு விநாடியில் மெனுவும் சேர்ந்தே மறையும். ஆகவே முழு இருட்டு வரும் வேளையில் மெனுவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. படம் தெரிந்துகொண்டே நடுங்கும்போது, அல்லது வெளிச்சம் ஏறி இறங்கும்போதுதான் அந்தச் சோதனை பேசும்.

நிலா, உங்கள் வெள்ளைப் புள்ளிகள் எனக்கு அதைவிட முக்கியம். அவை மின்னும் நேரத்தில் மெனு திறந்திருந்தால், மெனுவின் மேலும் விழுகின்றனவா? ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அதில் பதிகின்றனவா? பிறகு திரையின் புதுப்பிப்பு வேகம் 75 ஹெர்ட்ஸில் இருந்தால் 60க்கு இறக்குங்கள். கேபிள் சுமக்கும் தரவு ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதனால் நோய் தணிந்தால் சந்தேகம் கேபிள் பக்கம்தான்.

சிவப்புப் புள்ளி வேறு கதை. கேபிள் பிழை இடம் மாறிக்கொண்டே இருக்கும், ஒரே புள்ளியில் மாதக்கணக்கில் குடியிருக்காது. கருப்புப் பின்னணியில் தெரிந்து வெள்ளையில் மறைகிறதா பாருங்கள்.

கிண்ணியா மீரான், உங்களுடையது மங்கல், இவருடையது இருட்டு. இரண்டும் ஒன்றல்ல.

உவர்மலை நிலா
மெனுவின் மேல் ஒரு புள்ளியும் விழவில்லை, சுற்றிலும் மட்டுமே விழுகின்றன. ஸ்கிரீன்ஷாட்டிலும் இல்லை. 60க்கு இறக்கிய பின், மணிக்கு ஏழெட்டு முறை இருண்டது காலையிலிருந்து ஒரே ஒரு முறை. சிவப்புப் புள்ளி நீங்கள் சொன்னபடியே வெள்ளையில் தெரியவில்லை.

பழைய சோல்டர்
ஸ்கிரீன்ஷாட்டில் இல்லையென்றால் கணினி வரைந்த படம் சுத்தமானது. மெனுவின் மேல் இல்லையென்றால் பனலும் சுத்தம். நடுவில் மிச்சம் கேபிளும் இரு பக்கத்துச் சொக்கற்றுகளும். தொலைக்காட்சியிலிருந்து ஒரு குட்டைக் கேபிளைக் கழற்றி, மீண்டும் 75இல் ஓட்டுங்கள். சரியானாலும் அதோடு நிறுத்தாமல் பழைய கேபிளைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். நம் ஊர் உப்புக் காற்றில் முனைகள் கறுத்துப்போகும். கழற்றி மாட்டும்போதே அது தற்காலிகமாகத் தேய்ந்து சரியாகி, புதுக் கேபிள்தான் காப்பாற்றியது என்று ஏமாற்றிவிடும்.

சிவப்புப் புள்ளியில், பிக்சலின் சிவப்புப் பகுதி மட்டும் அணைய மறுக்கிறது. நிறங்களை வேகமாக மாற்றும் காணொளியை அந்த இடத்தில் ஓரிரு மணி நேரம் ஓட்டலாம். சிலருக்குப் போகும், பலருக்குப் போகாது. விரலால் அழுத்த வேண்டாம், பக்கத்துப் பிக்சல்களும் கெடக்கூடும்.

சாம்பல்தீவான்
மெனுவும் மறையும் என்று எனக்குத் தெரியாது, அக்கா மன்னிக்கவும். நானும் போன வருடம் ஒரு நல்ல மொனிட்டரை இப்படித்தான் விற்றேனோ என்று இப்போது யோசிக்கிறேன்.

உவர்மலை நிலா
ஒன்றரை மீற்றர் கேபிளில், 75இல், இரண்டு நாட்கள் ஒரு புள்ளிகூட இல்லை. பழையதைத் திரும்பப் போட்டதும் இருபது நிமிடத்தில் இருண்டது. கணினியை இந்தப் பக்கம் இழுத்துவிட்டேன். சிவப்புப் புள்ளி இரண்டு மணி நேரம் ஓட்டியும் அப்படியே நிற்கிறது. ஆனால் ஒன்று: மின்விசிறிச் சுவிட்சைப் போடும்போது மட்டும், இந்தக் குட்டைக் கேபிளிலும் எப்போதாவது ஒருமுறை இருள்கிறது.

பழைய சோல்டர்
சுவிட்சில் எழும் தீப்பொறியின் இரைச்சலாக இருக்கலாம். கேபிளை மின்வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்துவிட்டு, மொனிட்டரை வேறு பிளக்கில் செருகிப் பார்த்துச் சொல்லுங்கள்.

கிண்ணியா மீரான்
அப்போது என் மோட்டாருக்கு என்ன வழி?