மாயப்பள்ளிக்கு விடுதி எதுக்கு? படிச்சதுல கண்ட இடத்தைச் சொல்லுங்க

இரவல்புத்தகம்
மந்திரம் கத்துத்தர்ற பள்ளிக் கதைகள் பெரும்பாலும் விடுதியிலதான் நடக்குது. காலையில போய்ச் சாயங்காலம் வீடு திரும்புற பள்ளியா இருந்தா என்ன கெட்டுடும்? ‘தனி உலகம்’, ‘சுதந்திரம்’னு பொத்தாம்பொதுவா வேண்டாம். விடுதியை எடுத்துட்டா இந்தக் காட்சியே நிக்காதுன்னு உங்களுக்குப் பட்ட ஒரு இடத்தைச் சொல்லுங்க.

கடைசிபெஞ்ச்
இதுல என்ன பெரிய ரகசியம்? ஹாரி பாட்டருக்கு அப்பா அம்மா இல்ல, தங்க ஒரு இடம் வேணும். ரௌலிங் விடுதி வச்சாங்க, அது ஓடுச்சு, மத்தவங்க பிடிச்சுக்கிட்டாங்க.

மைக்கூடு
பாதி சரி. பெரியவங்க கைக்கு எட்டாத தூரம் வேணும்தான். ஆனா அதுக்குப் பெற்றோர் செத்திருக்கணும்னு இல்ல. ஹாரியோட சிநேகிதங்க ரானுக்கும் ஹெர்மயனிக்கும் அப்பா அம்மா நல்லாத்தான் இருக்காங்க, கடிதம் போடுற தூரத்துல. ‘மத்தவங்க பிடிச்சுக்கிட்டாங்க’ங்கிறதும் தலைகீழ். ஹாரி 1997ல வந்தது. ஜில் மர்ஃபி குட்டிச் சூனியக்காரிகளுக்கு ஒரு விடுதிப்பள்ளி கட்டினது 1974ல. லெ குவினோட ரோக் தீவுப் பள்ளி 1968. மந்திரம் துளியும் இல்லாத விடுதிப்பள்ளிக் கதையோ இங்கிலாந்துல 1857லயே வந்தாச்சு, ரக்பி பள்ளியை வச்சு தாமஸ் ஹியூஸ் எழுதினது.

கேட்ட கேள்விக்கு வர்றேன். ஹாரியோட முதல் புத்தகத்துல அந்த டிராகன் குட்டி ராத்திரியை எடுத்துக்கோங்க. நடுராத்திரியில ஹாரியும் ஹெர்மயனியும் குட்டியைக் கோபுர உச்சிக்குக் கொண்டுபோய் அனுப்பிடறாங்க. மறைய வைக்கிற போர்வையை மேலயே மறந்துட்டு இறங்கி வந்து மாட்டிக்கறாங்க. அவங்களை எச்சரிக்கக் கிளம்பின அறைத்தோழன் நெவிலும் மாட்டிக்கறான். ஆளுக்கு 50 புள்ளி, அவங்க சேர்ந்து தங்குற கிரிஃபிண்டார் ஹவுஸ் கணக்குல மொத்தம் 150 போச்சு.

வீட்டுல இருந்து வர்ற பிள்ளைக்கு இது ஒரு திட்டு, அதோட முடிஞ்சது. இங்க தண்டனை ஆசிரியரோட நிக்கல. கூடப் படுக்கிறவன், கூடச் சாப்பிடுறவன் எல்லாருக்கும் சேர்த்துத்தான் புள்ளி குறையுது. காலையில புள்ளிக்கணக்கைப் பார்த்தவங்க முதல்ல ஏதோ தப்பு நடந்திருக்குன்னே நினைக்கிறாங்க. அப்புறம் விஷயம் பரவுது. ஹாரி அதுவரைக்கும் பள்ளிக்கே செல்லப்பிள்ளை, இப்ப வேற ஹவுஸ் பிள்ளைங்களும் முகத்தைத் திருப்பிக்கறாங்க. விளையாட்டு அணியில கூட ஆடுறவங்க பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல, அவன் ஆடுற இடத்தோட பேரைச் சொல்லித்தான் பேசறாங்க. அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு ஓடிட முடிஞ்சா இதுல பாதி வலி இருக்காது. வெட்கப்பட்ட அதே கூட்டத்தோட அதே அறையில தூங்கி எழணும். விடுதி தர்றது இதைத்தான்.

அறை_எண்_ஏழு
மன்னிக்கணும், பிள்ளைகளை விடுதியில சேர்க்கலாமான்னுதானே கேட்கறீங்க? எனக்குத் தெரிஞ்ச விடுதியில வார்டன் ராத்திரி கட்டில் கட்டிலா எண்ணுவார். நடுராத்திரியில கோபுரம் ஏறுறதெல்லாம் நடக்காதுங்க.

இரவல்புத்தகம்
கேள்வி அது இல்லைங்க, கதைகளைப் பத்தி. ஆனா நீங்க சொன்னது உதவுது. யாரும் எண்ணாத விடுதின்னா வாசகர் நம்ப மாட்டார்.

மைக்கூடு
ஆமா, பலர் சறுக்குறது அங்கதான். ஆசிரியர்களே கண்ணுல படாத பள்ளியா எழுதிடறாங்க. அப்புறம் மீறுறதுக்கு எதுவும் இல்ல. ஹாக்வார்ட்ஸ்ல ராத்திரி சுத்துறதுக்குன்னே ஒருத்தர் இருக்கார், அவரோட பூனையும் இருக்கு, மாணவத் தலைவர்களும் இருக்காங்க. காவல் இருக்கணும், அதுல ஒரே ஒரு ஓட்டையும் இருக்கணும். அந்த ஓட்டைதான் போர்வை. அதை மறந்துட்டு இறங்கினதாலதான் மாட்டினாங்க, விதிவசத்தால இல்ல.

தென்றல்வாசகி
எனக்கு ரோக் தீவுதான். அங்க புள்ளிக்கணக்கே கிடையாது. ஜாஸ்பர்னு ஒரு மூத்த மாணவன், பெரிய இடத்துப் பையன், கெட்ங்கிற கதாநாயகனை நாசூக்கா குத்திக்கிட்டே இருக்கான். ஊர்லன்னா வேற தெருவால சுத்திப் போயிடலாம். இங்க சாப்பாடு, பாடம், திருவிழா எல்லாத்துலயும் அதே முகம். அந்தப் புழுக்கம் சேர்ந்து சேர்ந்துதான் ஒரு ராத்திரி கெட் பந்தயம் கட்டி செத்தவளோட ஆவியைக் கூப்பிடறான். கூடவே ஒரு நிழல் வந்து முகத்தைக் கிழிச்சிடுது. அந்தப் பிளவை அடைக்கப்போய் தலைமை மந்திரவாதி நெம்மெர்ல் உயிரை விடறார். கெட் பல மாசம் படுத்துக் கிடந்து எழும்பும்போது கூடப் படிச்சவங்க முன்னாடி போயிட்டாங்க. ‘பின்தங்கினவன்’ங்கிற வலி ஒரே வகுப்பு, ஒரே கூரைன்னு இருந்தாத்தான் உறைக்கும்.

கடைசிபெஞ்ச்
சரி, ஒத்துக்கறேன். ஆனா ஹாரி முதல் புத்தகத்து முடிவு எனக்கு ஏமாத்து வேலை. கடைசி நிமிஷத்துல தலைமை ஆசிரியர் புள்ளியை அள்ளி வீசினா யார்தான் ஜெயிக்க மாட்டாங்க?

மைக்கூடு
கணக்கைக் கூட்டிப் பாருங்க. போட்டி ஹவுஸ் ஸ்லிதரின் 472, ஹாரியோட கிரிஃபிண்டார் 312. ரானுக்கு 50, ஹெர்மயனிக்கு 50, ஹாரிக்கு 60. இப்ப 472க்கு 472. ஜெயிக்க வைக்கிறது நெவிலோட 10. அது எதுக்கு? பொது அறையில வாசலை மறிச்சு, ‘மறுபடியும் வெளிய போய் நம்ம பேரைக் கெடுக்காதீங்க’ன்னு சிநேகிதங்களையே எதிர்த்ததுக்கு. 150ல 50 தொலைச்சவன் அவனும்தான். அந்தப் பழைய அவமானம் இல்லாம இந்த 10க்கு அர்த்தமே இல்ல. பொது அறைன்னு ஒண்ணு இல்லாம அந்த வாசல் மறியலும் இல்ல.

கடைசிபெஞ்ச்
கணக்கு அழகுதான். ஆனா ஸ்லிதரின் பிள்ளைங்க வருஷம் முழுக்க சேர்த்த 472ஐ விருந்து மேசையில வச்சு, கொடி எல்லாம் மாட்டினப்புறம் பறிக்கிறது நியாயமான்னு ஒரு கேள்வி நிக்குதே. இதுல நான் இறங்கி வர மாட்டேன்.

மைக்கூடு
நிக்கட்டும். எனக்கும் அந்தக் கொடி மாத்துற இடம் கொஞ்சம் உறுத்தும்.

பாதிநாவல்
என் கதை பகல் பள்ளி. பையன் பேருந்துல போய் வர்றான். பத்தாவது அத்தியாயத்துலயே இழுவை தட்டுது. விடுதியா மாத்தணுமா? இல்ல ஆசிரியர்களை மொத்தமா எடுத்துட்டா சரியாகுமா?

தென்றல்வாசகி
ஆசிரியர்களை எடுத்தவங்க இருக்காங்க. நவோமி நோவிக்கோட ஸ்காலமான்ஸ் பள்ளி, 2020. ஆசிரியர் கிடையாது, விடுமுறை கிடையாது, நாலு வருஷம் உள்ளயே. ஆனா அங்க விதிகளோட இடத்தை, பிள்ளைகளைக் கொல்ல வர்ற ஜந்துக்கள் எடுத்துக்கறதால கதை தளரல. குளிக்கப் போகவே காவலுக்கு ஆள் வேணும். சிநேகிதம் இல்லாத எல்ங்கிற கதாநாயகிக்கு குளியலே ஒரு பேரம். அவ்வளவு கடுமையா ஒண்ணு கைவசம் இல்லேன்னா ஆசிரியர்களைத் தொடாதீங்க.

மைக்கூடு
மாத்துறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணுங்க. உங்க பத்து அத்தியாயத்துல பையன் செஞ்ச ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்துல, அதனால யாருக்கு நஷ்டம்னு எழுதுங்க. எல்லாத்துலயும் அவன் பேர் மட்டும் வந்தா இழுவைக்குக் காரணம் அதுதான். நாலஞ்சு பேரை ஒரே அறையில போடுங்க, ஹாரி அறையிலயும் அஞ்சு பேர்தான். அதுக்கு மேல போனா முகம் நினைவுல நிக்காது. முதல் மீறல் பாதிப் புத்தகத்துக்குள்ள வந்து, அதோட விலையை மத்த நாலு பேரும் கட்டணும். நஷ்டம் ஏற்கெனவே மத்தவங்க மேல விழுதுன்னா பேருந்தே போதும், விடுதி வேண்டாம்.

பாதிநாவல்
எழுதிப் பார்த்தேன். ஏழு தப்பு, ஏழுலயும் அவன் பேர்தான். பேருந்து ஓட்டுநர் ஒரே ஒரு இடத்துல வர்றார், அவரைக் கணக்குல சேர்க்கலாமா?

அறை_எண்_ஏழு
ஓட்டுநருக்கு வேலை போச்சுன்னா சேர்க்கலாம்.