36 டிகிரிக்குச் சிவப்பு, 62 டிகிரிக்குப் பச்சை: பீன்யாவில் நடந்தது

பேனல்காரன் (பீன்யா, பெங்களூரு)

வணக்கம். தொழிற்சாலைகளில் மின் பேனல்களை வெப்பக் கேமராவால் படம் எடுத்து ரிப்போர்ட் கொடுப்பது என் வேலை. மூன்று மாதத்துக்கு முன் ஒரு பவுடர் கோட்டிங் பட்டறையில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். இந்த வேலையில் இருப்பவர்கள் படித்தால் போதும்.

அன்று ஆறு பேனல்கள். எல்லாவற்றையும் கேமராவின் ரெயின்போ வண்ணத்தில், ஆட்டோ ஸ்கேலில் எடுத்தேன். ரிப்போர்ட் அடிக்கும் பையன் படங்களை ஒட்டும்போது, பக்கத்தில் இடம் பத்தவில்லை என்று ஓரத்திலிருந்த வண்ணப் பட்டையை வெட்டிவிட்டான். நானும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

முதல் பேனலில் ஒரு லக், கேபிள் முனையைப் போல்ட்டில் மாட்டும் உலோகத் துண்டு, ரத்தச் சிவப்பாக இருந்தது. நான்காவதில் ஒரு லக் பச்சை, அதே படத்தின் மூலையில் பிரேக்கிங் ரெசிஸ்டர் சிவப்பு. அது சூடாக இருப்பது வழக்கம்தான். மேனேஜர் படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு முதல் பேனலை அரை நாள் நிறுத்தி எல்லா போல்ட்டையும் முடுக்கினார். ஒன்றும் தளர்ந்திருக்கவில்லை. நான்காவது பேனலை யாரும் தொடவில்லை. இரண்டு வாரத்தில் அந்தப் பச்சை லக் கருகியது. கேபிள் உறை ஒரு சாண் நீளத்துக்கு உருகி வழிந்திருந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

அன்று இரவே பழைய கோப்புகளைத் திறந்து எண்களைப் பார்த்தேன். முதல் பேனலில் மொத்தப் படமும் 31 முதல் 36.5 டிகிரிக்குள். அந்தச் சிவப்பு லக் 36.2 டிகிரி, அவ்வளவுதான். நான்காவதில் ரெசிஸ்டர் 95 டிகிரி இருந்ததால் ஸ்கேல் 30 முதல் 95 வரை விரிந்துவிட்டது. அதில் 62 டிகிரி சரியாகப் பாதியில் விழும். ரெயின்போவின் பாதி பச்சை. பக்கத்து இரண்டு ஃபேஸும் 44, 45 டிகிரியில் நீலமாக இருந்தன. ஒரே லோடு ஓடும் மூன்று லக்கில் ஒன்று மட்டும் 17 டிகிரி கூட. அமெரிக்காவின் மின் சோதனை நிறுவனங்களின் சங்கமான நெட்டாவின் அட்டவணைப்படி, ஒரே மாதிரியான பாகங்களுக்கிடையே 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தாலே பெரிய கோளாறு.

வண்ணம் வெப்பநிலையைச் சொல்லவில்லை. அந்தப் படத்தின் மிகக் குறைந்த புள்ளிக்கும் மிக அதிகமான புள்ளிக்கும் நடுவில் இந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாடிக்கையாளருக்கும் நான் சொன்னதில்லை.

இன்னொன்று. நம் ஊரில் ஃபேஸ்களுக்கே சிவப்பு, மஞ்சள், நீலம் என்றுதான் பெயர். "நீல ஃபேஸ் பச்சையா இருக்கு, சிவப்பு ஃபேஸ் நீலமா இருக்கு" என்று ஃபோனில் விளக்கிப் பாருங்கள். இப்போது ரிப்போர்ட்டில் R, Y, B என்று எழுத்தாகவே போடுகிறேன்.

ஒயிட்ஃபீல்ட் வாசி

அண்ணே, இது ரெயின்போவோட பிரச்சினை. ஜெட், ரெயின்போ இந்த ரெண்டு வண்ண வரிசையிலயும் வெளிச்சம் சீரா ஏறாது. நடுவுல மஞ்சளும் வெளிர்நீலமும் பளிச்னு இருக்கும், ரெண்டு முனையும் இருண்டு போகும். இல்லாத இடத்துல கோடு போட்ட மாதிரி விளிம்பு தெரியும். பைத்தான்ல படம் வரையற மேட்பிளாட்லிப்கூட 2.0 பதிப்புல, தானா வர்ற வண்ண வரிசையா இருந்த ஜெட்டுக்குப் பதிலா விரிடிஸை வச்சுட்டாங்க. கருப்புலேர்ந்து வெளிர்மஞ்சள் வரைக்கும் சீரா ஏறற இன்ஃபெர்னோவுக்கு மாறிடுங்க, எல்லாம் சரியாயிடும்.

பேனல்காரன்

தம்பி, முதல் பாதி சரி. அதே நான்காவது படத்தை இன்ஃபெர்னோவில் போட்டேன், கோடு கோடாகத் தெரிந்தது போய்விட்டது. ஆனால் முதல் பேனலையும் போட்டுப் பார்த்தேன். ஆட்டோ ஸ்கேல் என்பதால் அந்த 36 டிகிரி லக் அங்கேயும் வெளிர்மஞ்சளாக ஜொலித்தது. மேனேஜர் அதற்கும் ஷட்டவுன் எடுத்திருப்பார்.

நான் இப்போது செய்வது இது. கேமராவிலிருந்து 16 பிட் கோப்பாக எடுத்துக்கொள்கிறேன். என் கேமராவில் ஒவ்வொரு எண்ணும் கெல்வினில் நூறில் ஒரு பங்கு. 33515 என்று இருந்தால் 335.15 கெல்வின், அதாவது 62 டிகிரி. எல்லாப் பேனலுக்கும் ஒரே அளவு: 30 முதல் 80 வரை சாம்பல் நிறம், வண்ணம் 50-க்கு மேல் மட்டும்.

```python
t = raw / 100.0 - 273.15
g = np.clip((t - 30) / 50, 0, 1) * 200
img = cv2.cvtColor(g.astype(np.uint8), cv2.COLOR_GRAY2BGR)
img[(t >= 50) & (t < 60)] = (0, 255, 255)
img[t >= 60] = (0, 0, 255)
```

முதல் பேனல் இப்போது மொத்தமும் சாம்பல். நான்காவதில் லக் சிவப்பு, அதைச் சுற்றி மஞ்சள் வளையம், மற்ற இரண்டு ஃபேஸும் சாம்பல். ரெசிஸ்டரும் சிவப்பாகத்தான் வரும், அதற்குப் படத்தின் கீழே ஒரு வரி எழுதிவிடுகிறேன். எங்கே வண்ணம் மாற வேண்டும் என்ற வெட்டுக் கோட்டை வெப்பநிலையில் போட வேண்டும். 0 முதல் 255 வரை நீட்டிய படத்தை எடுத்து 150-க்கு மேல் சிவப்பு என்றால், அந்த 150 ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு வெப்பநிலை.

ஆல்பம் அத்தை

என் மாமனாரின் 1964 கல்யாண ஃபோட்டோ கருப்பு வெள்ளையில் இருக்கிறது. இந்த முறையில் கலர் பண்ண முடியுமா? பட்டுப்புடவை அரக்கு நிறம் என்று மாமியார் சொல்வார்.

பேனல்காரன்

அத்தை, இது அதற்கு உதவாது. இங்கே ஒரே சாம்பல் அளவுக்கு ஒரே வண்ணம்தான் கிடைக்கும். புடவையும் பந்தல் துணியும் ஒரே சாம்பலாக இருந்தால் இரண்டும் அரக்காகிவிடும். கையால் வண்ணம் தீட்டுகிறவர்களிடம் கொடுங்கள். புடவை நிறத்தை மாமியாரிடம் கேட்டு இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சி.டி. அறை

நான் ஒரு மருத்துவமனையில் சி.டி. டெக்னாலஜிஸ்ட். உங்கள் 60 டிகிரிக் கோடு மாதிரி எங்களிடம் உள்ளது மைனஸ் 950. நுரையீரல் சி.டி.யில் ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவு மைனஸ் 950-க்குக் கீழே போகும் புள்ளிகளை எம்ஃபிசிமா, அதாவது நுரையீரலின் காற்றறைகள் சிதையும் நோய், என்று கணக்கிட்டு, மென்பொருள் அவற்றுக்கு மட்டும் வண்ணம் பூசும். மீதி சாம்பலாகவே இருக்கும். எங்கள் அளவு படத்துக்குப் படம் நகராது, ஏனென்றால் தண்ணீர் எப்போதும் 0, காற்று மைனஸ் 1000. அதனால் உங்கள் கோளாறு எங்களுக்கு வராது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஒருநாள் ஒரே நோயாளிக்கு இரண்டு படம் வந்தது. இரண்டும் ஒரே ஸ்கேன், ஒரே மூச்சு. ஸ்கேன் தரவைப் படமாக்கும்போது போடும் வடிகட்டியைக் கெர்னல் என்போம். ஒன்று மென்மையான கெர்னலில் உருவாக்கியது, இன்னொன்று கூர்மையான கெர்னலில். கூர்மையானதில் நுரையீரல் முழுக்கப் பொடிப் பொடியாக வண்ணம் தெளித்த மாதிரி இருந்தது, மென்மையானதில் மேல் பகுதியில் மட்டும் சில திட்டுகள். நோயாளி திகைத்துப்போய் என்னிடம்தான் கேட்டார், "நுரையீரல் பூரா போயிடுச்சாம்மா?" என்று. எனக்கு அன்று பதில் தெரியவில்லை. டாக்டரிடம் அழைத்துப்போய்க் காட்டினேன்.

காரணம் இரைச்சல். நல்ல நுரையீரலின் சராசரி மைனஸ் 870 என்று வையுங்கள். மென்மையான கெர்னலில் புள்ளிகள் அந்த எண்ணைச் சுற்றி முப்பது நாற்பதுக்குள் ஏறி இறங்கும், மைனஸ் 950-ஐத் தொடுவது அரிது. கூர்மையான கெர்னலில் ஏற்ற இறக்கம் நூறைத் தாண்டும். சராசரி மாறவே இல்லை, ஆனால் எத்தனையோ புள்ளிகள் கோட்டுக்குக் கீழே விழுந்துவிடும், கோட்டைத் தாண்டியதற்கெல்லாம் வண்ணம் ஏறிவிடும். சாம்பல் படத்தில் வெறும் மணல்மணலாகத் தெரிவது வண்ணம் பூசியதும் நோய் மாதிரி தெரிகிறது. பார்த்ததும் கண்டுபிடிக்க ஒரு வழி: உண்மையான எம்ஃபிசிமா திட்டுத்திட்டாக, ஓர் இடத்தில் கூடி இருக்கும். இரைச்சல் எங்கும் ஒற்றைப் புள்ளிகளாகச் சிதறும். மூச்சை முழுதாக இழுத்துப் பிடிக்காவிட்டாலும் எண் மாறும், அது எதிர்த் திசையில்.

கோரமங்களா எம்பெடட்

என் அனுபவம் வேறு மாதிரி. சால்டரிங் நிலையத்துக்கு வெப்பப் படம் காட்டும் திரை செய்துகொண்டிருந்தேன். ஓபன்சிவியில் `cv2.applyColorMap(g, cv2.COLORMAP_JET)` போட்டு, அதை அப்படியே `plt.imshow`-க்குக் கொடுத்தேன். திரையில் அயர்ன் முனை நீலம், மேசை சிவப்பு. சென்சார் தலைகீழாக எண் தருகிறது என்று நினைத்து 255-லிருந்து கழித்துவிட்டேன். படம் சரியாகிவிட்டது! இரண்டு மாதம் அப்படியே ஓடியது. பிறகு அதே எண்ணை வைத்து அலாரம் எழுதினேன். அயர்ன் ஆறிப் போனதும் அலாரம் அடித்தது.

ஓபன்சிவி நீலம்-பச்சை-சிவப்பு வரிசையில் தரும், மேட்பிளாட்லிப் சிவப்பு-பச்சை-நீலம் என்று படிக்கும். ஜெட்டில் சிவப்பும் நீலமும் கண்ணாடிப் பிம்பம், பச்சை நடுவில் சமச்சீர். இரண்டையும் மாற்றிப் போட்டால் அச்சு அசலாகத் தலைகீழ் ஜெட் கிடைக்கும். அதனால்தான் சந்தேகமே வரவில்லை. இன்ஃபெர்னோவாக இருந்திருந்தால் ஆரஞ்சு வர வேண்டிய இடத்தில் நீலம் வந்து உடனே உறுத்தியிருக்கும். இப்போது எந்த நிரலிலும் முதலில் 0 முதல் 255 வரை இடமிருந்து வலம் ஏறும் ஒரு பட்டையை வரைந்து பார்த்துவிடுகிறேன்.

மல்லேஸ்வரம் தாத்தா

முப்பது வருடம் படச் செயலாக்கம் சொல்லிக்கொடுத்தவன். சி.டி. அறை அம்மா சொன்ன இரைச்சல் விஷயம் பேனல்காரருக்கும் பொருந்தும். உங்கள் வகைக் கேமராக்களின் துல்லியம் வழக்கமாகக் கூட்டல் கழித்தல் 2 டிகிரி. 59 மஞ்சள், 61 சிவப்பு. இரண்டும் ஒரே வெப்பமாகவே இருக்கலாம். கோட்டுக்கு அருகில் நிற்கும் எதையும் வண்ணத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

பளபளப்பான செம்பு பஸ்பாரை இந்த முறையில் அளந்தீர்களா? அதன் உமிழ்திறன் மிகக் குறைவு. 80 டிகிரியில் இருந்தாலும் எதிரே நிற்கிற உங்கள் உடம்பின் பிம்பத்தைத்தான் காட்டும். சாம்பலாகத் தெரிந்தால் குளிர்ந்திருக்கிறது என்று பொருளில்லை.

பேனல்காரன்

ஐயா, லக் எல்லாமே கருப்பு டேப் சுற்றியவை, அதன் மேல்தான் அளந்தேன். வெறும் பஸ்பாரில் ஷட்டவுன் கிடைக்கும்போது ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு வருகிறேன், அடுத்த முறை அதன் மேல் படிக்க.

எனக்கு இன்னும் தீராத குழப்பம் லோடு. அன்று அந்த ஃபீடர் 40 சதவீத லோடில்தான் ஓடியது. அப்போதே 62.

மல்லேஸ்வரம் தாத்தா

அப்படியானால் உங்கள் 50, 60 கோடுகளுக்கே அர்த்தம் குறைவு. மூட்டில் உருவாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். 80 சதவீதம் ஓடினால் அந்த 17 டிகிரி வித்தியாசம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வரை போகலாம், காற்றோட்டத்தால் சற்றுக் குறையும். வெப்பநிலையை வெட்டாமல், மூன்று ஃபேஸில் குறைந்ததைக் கழித்து, வித்தியாசத்தை வெட்டிப் பாருங்கள்.

பேனல்காரன்

மூன்று ஃபேஸிலும் லோடு சமமாக இல்லாத பட்டறைகள்தான் இங்கே பாதி. வெல்டிங் மெஷின் ஒரு ஃபேஸில் தொங்கும். அங்கே வித்தியாசம் எடுத்தால் நல்ல லக்குக்கும் சிவப்பு விழும்.

சி.டி. அறை

வெப்பநிலைப் படம், வித்தியாசப் படம் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கொடுங்களேன்? நாங்கள் வண்ணப் படத்தைச் சாம்பல் படம் இல்லாமல் டாக்டருக்கு அனுப்புவதில்லை.

பேனல்காரன்

அக்கா, சனிக்கிழமை அதே பட்டறைக்குப் போகிறேன். கிளாம்ப் மீட்டரில் ஒவ்வொரு ஃபேஸின் ஆம்பியரும் எடுத்து, இரண்டு படத்துக்கும் கீழே எழுதிப் பார்க்கிறேன். வண்ணப் பட்டையை இந்த முறை படத்துக்குள்ளேயே பதித்துவிட்டேன், யாரும் வெட்ட முடியாது.