பில்லில் 18.408, தராசில் 17.200, வங்கிச் சீட்டில் 16: நகை பில் அனுபவங்கள்

தக்கலைக்காரி

வீட்டு மேல்தளம் கான்கிரீட் போட வேண்டியிருந்ததால் போன வாரம் நெக்லஸை அடகு வைக்க வங்கிக்குப் போனேன். போன வருடம் எனக்கென்று ஆசையாக எடுத்த கல் நெக்லஸ். பில்லில் 18.408 என்று இருந்ததால் இரண்டே கால் பவுனுக்கு மேல் என்றுதான் இத்தனை நாளும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்ரைசர் தராசில் வைத்தார். 17.200 என்று நின்றது. நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவர் நெக்லஸைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தார், "கல்லும் அரக்கும் போக பதினாறு போடுறேன் அம்மா" என்றார். சீட்டில் 16 கிராம். பின்னால் வரிசையில் நின்ற பெண் என் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. இரண்டு கிராமுக்கு மேல் என் தங்கம் எங்கே போனது? ஏமாந்துவிட்டேனா, இல்லை எனக்குத்தான் பில் படிக்கத் தெரியவில்லையா?

நாகர்கோவில் டவுன்

அக்கா, சேதாரத்தையும் எடையோடு சேர்த்து எழுதியிருப்பார்கள். எனக்கும் இப்படித்தான் நடந்தது. மனைவிக்கு ஜிமிக்கி எடுத்தபோது சேதாரத்தைச் சதவீதமாகச் சொன்னார்கள், பில்லில் கிராமாகப் போட்டார்கள். "எத்தனை சதவீதம் என்று எழுதிக் கொடுங்கள்" என்றதும் பில் போடுகிற பையன் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தான். அந்த ஒரு பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

இன்னொன்றும் பாருங்கள். தங்கத்துக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம், செய்கூலிக்கு 5 சதவீதம். இரண்டையும் தனித்தனியாகப் போடாமல் மொத்தமாகப் போட்டிருந்தால் அந்த பில்லே தப்பு. சேதாரத்துக்கு வரியே கிடையாது.

களியக்காவிளை பார்டர்

நாங்கள் எப்போதும் திருவனந்தபுரத்தில்தான் எடுப்போம். அங்கே சேதாரம் என்ற பேச்சே இல்லை, பணிக்கூலி மட்டும்தான் என்று அம்மா சொல்லி வளர்த்தது. இந்த ஓணத்துக்கு முன்னால் 8 கிராம் வளையல் ஒன்று எடுத்தேன். கிராம் 9,000 ரூபாய், பணிக்கூலி 18 சதவீதம், 12,960 ரூபாய் ஆனது. அதே மாதிரி வளையலுக்கு மார்த்தாண்டத்தில் சேதாரம் 12 சதவீதம், அதற்கு மேல் கிராமுக்கு 500 ரூபாய் செய்கூலி சொல்லியிருந்தார்கள். இரண்டு கூலியா என்று கோபப்பட்டு எழுந்து வந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து ராத்திரி பேப்பரில் போட்டுப் பார்த்தேன். 12 சதவீதம் என்றால் 8,640, எட்டு கிராமுக்குச் செய்கூலி 4,000, ஆக 12,640. மார்த்தாண்டமே 320 ரூபாய் குறைவு. ஒரு நாள் முழுக்க அலைந்து, குழந்தையையும் வெயிலில் தூக்கிக்கொண்டு திரிந்தது அதற்கு. அக்கா, எந்த ஊரில் எடுத்தால் லாபம் என்று கேட்டீர்கள் என்றால் என் பதில் இதுதான்.

வடசேரி பட்டறை

தங்கை, முதலில் அந்த பில்லில் உள்ள வரிகளை ஒன்றுவிடாமல் இங்கே எழுதுங்கள். கல் எடை, நிகர எடை என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதையும் சேர்த்து. கடைக்காரர் வாயால் சொன்ன சேதாரம் எத்தனை என்று நினைவிருந்தால் அதுவும் வேண்டும்.

நாகர்கோவில் தம்பி சொன்ன வரிக் கணக்கை மட்டும் இப்போதே திருத்திவிடுகிறேன். 5 சதவீதம் என்பது, நாம் நம் சொந்தத் தங்கத்தைக் கொடுத்து வேலை மட்டும் செய்து வாங்கும்போது, அந்தக் கூலிக்கு வருவது. கடை தன் நகையை விற்கும்போது தங்கம், சேதாரம், செய்கூலி, கல் எல்லாம் சேர்ந்த விலைக்கு 3 சதவீதம்தான். ஒன்றரை மத்திய அரசுக்கு, ஒன்றரை மாநிலத்துக்கு. சேதாரத்துக்கு வரி இல்லை என்பதும் சரியில்லை, அதுவும் விலையில் ஒரு பகுதிதானே.

தக்கலைக்காரி

அண்ணா, இதோ பில். மொத்த எடை 17.200, கல் 1.200, நிகர எடை 16.000. அடுத்து சேதாரம் 2.408, அதற்குக் கீழே 18.408. கிராம் விலை 9,000. தங்கத்தின் விலை என்று ஒரே வரியாக 1,65,672 போட்டிருக்கிறார்கள். செய்கூலி 3,000, கல் விலை 2,400. வரி 2,566.08 என்று இரண்டு தடவை. ஹால்மார்க் 53.10. கடைசியில் 1,76,257.

சேதாரம் 14 சதவீதம் என்று சொன்னார்கள். நன்றாக நினைவிருக்கிறது, 15-இல் இருந்து பேசிக் குறைத்ததே நான்தான்.

வடசேரி பட்டறை

உங்கள் தங்கம் எங்கும் போகவில்லை, தங்கை. நீங்கள் வாங்கியது 16 கிராம், இன்றும் 16 கிராம்தான் இருக்கிறது. 18.408 என்பது காசு வாங்குவதற்காகப் போட்ட எடை. அப்படி ஒரு எடை அந்த நகையில் ஒரு நாளும் இருந்ததில்லை. அதனால் 1,65,672 என்ற அந்த ஒற்றை வரியை முதலில் உடைக்க வேண்டும். பதினாறை 9,000-ஆல் பெருக்கினால் 1,44,000, இதுதான் கையில் இருக்கும் தங்கம். மிச்சம் 21,672 சேதாரம். அதோடு செய்கூலி 3,000, கல் 2,400 கூட்டினால் 1,71,072. இதற்கு 3 சதவீதம் 5,132 ரூபாய் சொச்சம். ஹால்மார்க் ஒரு உருப்படிக்கு 45 ரூபாய், அதற்கு மட்டும் 18 சதவீத வரி, அதனால்தான் 53.10. கூட்டிப் பாருங்கள், பில் பைசா சுத்தமாக நிற்கும்.

ஆனால் கூட்டல் சரி என்பதால் பில் சரி ஆகிவிடாது. 16 கிராமுக்கு 14 சதவீதம் என்றால் 2.240 தான் வர வேண்டும். உங்கள் பில்லில் 2.408. 2.408-ஐ 16-ஆல் வகுத்தால் பதினைந்து சதவீதத்துக்கு மேல் போகிறது. 17.200-ஆல் வகுத்துப் பாருங்கள், துல்லியமாக 14 வரும். அதாவது கல்லுக்கும் சேர்த்துத் தங்கச் சேதாரம் போட்டிருக்கிறார்கள். கூடுதலாகப் போனது 0.168 கிராம், 1,512 ரூபாய். அதற்கும் வரி சேர்த்தால் 1,557. நீங்கள் பேசிக் குறைத்த அந்த ஒரு சதவீதம் அப்படியே திரும்பப் போய்விட்டது.

நான் முப்பது வருடம் கோயில் நகை வேலை பார்த்தவன், அதனால் சேதாரமே பொய் என்று சொல்ல மாட்டேன். அரம் போடும்போது பொடி போகும், பற்றவைக்கும்போதும் மெருகு போடும்போதும் போகும். பட்டறைத் தரையைப் பெருக்கி அந்த மண்ணைக் கழுவித் தங்கம் எடுப்போம், அப்படியும் முழுதாகத் திரும்பாது. கையால் செய்து கல் பதித்த நகைக்கு 14 கேட்டால் எனக்குக் கோபம் வராது. கல்லில் என்ன பொடி போகும்? அதைத்தான் கேட்கிறேன்.

நாகர்கோவில் டவுன்

வரி விஷயத்தில் திருத்தியதற்கு நன்றி அண்ணாச்சி, ஐந்தும் மூன்றும் என்று யாரோ சொன்னதை அப்படியே நம்பியிருந்தேன். ஆனால் சதவீதத்தை எழுதி வாங்க வேண்டும் என்று நான் சொன்னது சரிதானே? எழுதியிருந்தால் இந்த 1,557 போயிருக்காது.

கடையில் நிற்பவன்

நான் ஒரு நகைக்கடையில் விற்பனையில் இருக்கிறேன், எந்தக் கடை என்று சொல்லவில்லை. வடசேரி அண்ணாச்சி சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. சேதாரம் இத்தனைதான் வாங்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. கல் நகைக்கு மொத்த எடையில் போடுகிற கடையும் உண்டு, நிகர எடையில் போடுகிற கடையும் உண்டு. ஒரு கடையில் 14, இன்னொரு கடையில் 16 என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு அம்மா என்னிடம் "எந்த எடைக்கு 14?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். ஆறு வருடத்தில் வேறு யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு நான் உள்ளே போய்க் கேட்டுவிட்டுத்தான் பதில் சொன்னேன், எனக்கே தெரியாது.

வடசேரி பட்டறை

சட்டம் இல்லை என்பது உண்மை, தம்பி. எந்த எடைக்கு என்று முன்னாலேயே சொல்லிவிட்டு வாங்குங்கள், அது பேரம். சொல்லாமல் வாங்குவதைப் பேரம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

குளச்சல் மாமா

என் கதை சின்னது. மகள் பிரசவத்துக்கு முன்னால் பழைய வளையலை மாற்றினேன். பழசுக்கு 60,000 போட்டார்கள், புதுசு வரிக்கு முன் 1,50,000. மிச்சம் 90,000-க்குத்தானே வரி, 2,700 என்று எண்ணி எடுத்து வைத்திருந்தேன். பில்லில் 4,500. அங்கேயே சத்தம் போட்டுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, கடை நம் பழைய நகையை வாங்குவது தனிக் கணக்கு, புது நகையின் முழு விலைக்கும் வரி உண்டு. பழசின் பணம் கடைசியில்தான் கழியும்.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். பழசை மாற்றப் போகும்போது வீட்டிலிருந்தே எடை போட்டு எழுதிக்கொண்டு போங்கள். பழைய பில்லையும் எடுத்துப் போங்கள், அதில் நிகர எடை இருக்கும், கல்லுக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்று ஒப்பிடலாம். உருக்கினால் எதிரிலேயே உருக்கச் சொல்லுங்கள், உருக்குவதற்கு முன்னும் பின்னும் எடையைப் பாருங்கள். புது நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யுஐடி எண் இருக்கும், 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அது இல்லாமல் கடையில் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. `BIS Care` செயலியில் அந்த எண்ணைப் போட்டால் தரமும் நகை வகையும் வரும். வளையல் வாங்கிவிட்டு அங்கே மோதிரம் என்று வந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 2 லட்சத்துக்கு மேல் போனால் பான் எண் கேட்பார்கள், அட்டையை மறந்துவிட்டு இரண்டு தடவை பஸ் ஏறாதீர்கள். சீட்டு கட்டுகிறவர்கள் எத்தனை சதவீதம் வரை சேதாரம் தள்ளுபடி என்று அட்டையில் பாருங்கள், அதற்கு மேல் உள்ளதைக் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும்.

களியக்காவிளை பார்டர்

மாமா, அக்கா பழசு மாற்றவே இல்லையே. அக்கா, உங்கள் நெக்லஸ் கடைசியில் கிராம் என்ன விலைக்கு வந்தது என்று போட்டுப் பார்த்தேன். 1,76,257-ஐ 16-ஆல் வகுத்தால் 11,016. அன்றைய விலை 9,000. என் வளையலுக்கும் இதே மாதிரி வகுத்துப் பார்க்கப் போகிறேன், கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

தக்கலைக்காரி

எல்லோருக்கும் நன்றி. நேற்று பில்லோடு கடைக்குப் போனேன். 2.408-ஐ 17.200-ஆல் வகுத்து அவர்கள் கால்குலேட்டரிலேயே காட்டினேன். "கல் நகைக்கு எங்கள் கடையில் அப்படித்தான்" என்றார்கள். அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மேனேஜர் சனிக்கிழமை வருவாராம். பில்லைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், அவரிடமும் காட்டுவேன். அம்மாவிடம் மட்டும் இன்றைக்குச் சொல்லிவிட்டேன், நெக்லஸ் இரண்டு பவுன்தான் என்று.