24 நாள் குழந்தைக்குக் காய்ச்சல்: ஆஸ்பத்திரிக்குப் போனபோது 98.6

சேலத்துக்காரி

பையனுக்கு இப்போது ஒன்றரை வயது, வீட்டையே தலைகீழாக்குகிறான். ஆனாலும் அந்த ராத்திரி மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்தேன். 24-ஆம் நாள். சாயங்காலம் குளிக்க ஊற்றி, சாம்பிராணி காட்டி, துணியில் இறுக்கிச் சுற்றிப் படுக்க வைத்தோம். எட்டு மணிக்குப் பால் கொடுக்கத் தூக்கினால் உடம்பு கொதிக்கிறது. "சாம்பிராணிச் சூடு, அடங்கிவிடும்" என்றார் அம்மா. சுற்றியதை எல்லாம் அவிழ்த்து, ஃபேனை மெதுவாக வைத்து, இருபது நிமிடம் பார்த்தேன். பிறகு அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தால் 101.1. நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து "8.40, 101.1" என்று எழுதிக்கொண்டேன். ஏன் எழுதினேன் என்று இன்று வரை தெரியாது.

நான் பை எடுத்து வைக்கும் நேரத்தில் அம்மா பாராசிட்டமால் டிராப்ஸ் கொடுத்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒன்றைக் காட்டினார்கள், 98.6. குழந்தை அமைதியாகத் தூங்குகிறான். "இறங்கிவிட்டதே, போய்விடலாமா?" என்றார் என் கணவர். டியூட்டி டாக்டர் சின்னப் பெண். அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "மருந்து ஏதாவது கொடுத்தீர்களா?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அது அரை மணி நேரம் மாதிரி இருந்தது. அப்புறம்தான், "ரெண்டு சொட்டுதாம்மா..." என்று ஆரம்பித்தார்.

அந்த ராத்திரியே ரத்தம், ட்யூப் போட்டுச் சிறுநீர், முதுகில் நீர் எல்லாம் எடுத்து, உடனே ஊசி மருந்தும் ஆரம்பித்துவிட்டார்கள். சிறுநீரில் அன்றைக்கே சீழ் செல்கள் தெரிந்தன. இரண்டு நாளில் சிறுநீர், ரத்தம் இரண்டிலும் ஈ.கோலை வளர்ந்தது. முதுகு நீர் சுத்தம். பத்து நாள் ஊசி, அப்புறம் கிட்னி ஸ்கேன், அது நார்மல்.

அம்மா அன்று வாய் திறக்காமல் இருந்திருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்களோ? இதுதான் என்னை விடாமல் அரிக்கிறது.

கோவை அப்பா

சகோதரி, குழந்தை நலமாக இருப்பது சந்தோஷம். ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லோரும் ஓட வேண்டாம். என் மகளுக்கு இரண்டு வயதில் 103 அடித்தது. சிரப் கொடுத்தோம், ஈரத்துணியால் துடைத்தோம், மூன்று நாளில் சரி. காய்ச்சல் என்பது உடம்பு கிருமியோடு போராடுவது, அது நல்லதுதான். 24 நாள் குழந்தைக்கு முதுகில் ஊசி போடுவதெல்லாம் தனியார் ஆஸ்பத்திரி பில்லுக்காக என்றுதான் எனக்குப் படுகிறது. முதுகில் குத்தினால் கால் விளங்காமல் போகும் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்

கோவைக்காரரே, நீங்கள் சொல்வது இரண்டு வயதுப் பிள்ளை. அந்த வயதில் காய்ச்சல் எவ்வளவு என்பதைவிடப் பிள்ளை எப்படி இருக்கிறது என்பதுதான் பெரிது. விளையாடினால், தண்ணீர் குடித்தால் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். மூன்று மாதத்துக்குள் அந்தக் கணக்கு எடுபடாது. ரத்தத்தில் கிருமி ஏறிய குழந்தைகூடப் பால் குடித்துக்கொண்டு, சிவந்த முகத்தோடு கிடக்கும். பச்சிளங்குழந்தை வார்டில் பல வருடம் இருந்தவள் நான். காலையில் நன்றாகக் குடித்த குழந்தை மாலையில் மூச்சுத் திணறியதைப் பார்த்திருக்கிறேன்.

காரணம் இதுதான். பெரியவர்களுக்குச் சிறுநீரில் கிருமி வந்தால் பெரும்பாலும் அங்கேயே அடங்கிக் கிடக்கும், எரிச்சலும் காட்டும். பச்சை உடம்பில் கிருமியைக் கட்டிவைக்கும் படை இன்னும் தயாராகவில்லை. சிறுநீரிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளை உறைக்கும் சுலபமாகத் தாவிவிடும். எரிகிறது, தலை வலிக்கிறது என்று சொல்லவும் முடியாது. காய்ச்சல் ஒன்றுதான் அது கொடுக்கும் தகவல். இப்படி வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வெறும் வைரஸ்தான். ஆனால் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குப் பாக்டீரியா இருக்கும், அதில் பெரும்பங்கு சிறுநீர்த் தொற்று. அந்த ஒன்று எது என்று முகத்தைப் பார்த்து எனக்கும் சொல்லத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அதனால்தான் பரிசோதனை.

முதுகு ஊசி: தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் ஊசி போகிறது. அங்கே நீரும் நரம்பு இழைகளும்தான். கால் விளங்காமல் போகும் என்ற பயத்தில் கையெழுத்துப் போட மறுத்த குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று வாரத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு இது அநேகமாகக் கட்டாயம். ஒரு மாதம் தாண்டி, குழந்தை தெளிவாக இருந்து, ரத்தமும் சிறுநீரும் நன்றாக இருந்தால் டாக்டர் விட்டுவிடலாம்.

சேலத்துக்காரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அம்மா சொல்லாமல் இருந்திருந்தாலும் அந்த டாக்டர் உங்களை அனுப்பியிருக்க மாட்டார். வீட்டில் தெர்மாமீட்டரில் பார்த்த காய்ச்சல், ஆஸ்பத்திரியில் இல்லாவிட்டாலும் காய்ச்சல்தான். மருந்தில் இறங்குகிறது என்பதால் கிருமி இல்லை என்று ஆகாது, அது எல்லாக் காய்ச்சலையும் இறக்கும். அந்தத் தாள்தான் பேசியது. அம்மாவை விடுங்கள்.

இரட்டைப்பிள்ளை அம்மா

எனக்கு நம்பர்தான் குழப்பம். எங்கள் டாக்டர் 100.4 என்றார். ஊரில் நர்சம்மா 99.5 என்றார். மாமியார் 102 வரை ஒன்றுமில்லை என்கிறார். நெற்றித் துப்பாக்கி மூன்று தடவை வைத்தால் மூன்று நம்பர் காட்டுகிறது.

ஓய்வுபெற்ற சிஸ்டர்

மாமியாரைத் தவிர இருவரும் சரி. 100.4, அதாவது 38 டிகிரி, ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் அளவு. உள்சூடு அதுதான். அக்குளில் அதைவிடக் குறைவாகத்தான் காட்டும், அதனால் கிராமத்தில் நர்சுகளுக்கு அக்குளில் 99.5, அதாவது 37.5 என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் வீட்டில் ஆசனவாயில் வைக்க வேண்டாம், பழக்கம் இல்லாமல் செய்தால் காயம் படும். சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். நுனி அக்குள் குழிக்குள் இருக்கட்டும், கையை நெஞ்சோடு அணைத்து, பீப் வரும் வரை பிடியுங்கள். துணி இடையில் மாட்டக் கூடாது.

99.5-க்கு மேல் என்றால், சுற்றியதைத் தளர்த்தி கால் மணி, இருபது நிமிடம் கழித்து ஒரே ஒரு முறை திரும்பப் பாருங்கள். அப்போதும் இருந்தால் கிளம்புங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். 100.4 காட்டினாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டிருந்தாலோ அந்த இருபது நிமிடமும் வேண்டாம். நெற்றித் துப்பாக்கி 98 காட்டுகிறது என்று நிம்மதி அடைய வேண்டாம். கை சுட்டால் அக்குளில் பாருங்கள்.

தஞ்சை மாமி

எங்கள் பேத்திக்கு ஜுரமே வரவில்லை, சில்லென்று இருந்தாள். 18 நாள். உள்ளங்கால் பனிக்கட்டி மாதிரி. பால் வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். மழைக்காலம், குளிர்தான் என்று கம்பளி போட்டோம். மறுநாள் ஆஸ்பத்திரியில் 95.2 என்றார்கள், ரத்தத்தில் கிருமி. பன்னிரண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். குளிர்ந்தாலும் பயப்பட வேண்டும் என்று அதுவரை ஒருத்தரும் சொல்லவில்லையே.

ஆறாம்வாரம்

எனக்கு வேறு மாதிரி. ஆறாம் வார ஊசி போட்ட அன்றைக்கு ராத்திரி 100.8. ஊசி ஜுரம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள், அதனால் டாக்டரிடம் போக வேண்டியதில்லை, மருந்து கொடுத்தால் போதும். குழந்தை நாலு கிலோ. மருந்துக் கடையில் சிரப் கணக்கில் 2.4 மில்லி என்று சொன்னார்கள். வீட்டில் இருந்தது டிராப்ஸ் பாட்டில். கொடுக்கப் போகிற நேரத்தில் நாத்தனார் கையைப் பிடித்தாள். "அண்ணி, இது ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிக்கு 125." கணக்குப் போட்டுப் பார்த்தால் நான் கொடுக்க இருந்தது 240 மில்லிகிராம். கொடுக்க வேண்டியது 60, அதாவது டிராப்ஸில் 0.6 மில்லி. நாலு மடங்கு! அந்தப் பாட்டிலைப் பார்த்தாலே இன்றும் வயிற்றைக் கலக்கும்.

ஆகவே எல்லோருக்கும்: பாட்டிலில் எத்தனை மில்லிக்கு எவ்வளவு என்று வாசித்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும், ஸ்பூனில் அளக்கக் கூடாது, குழந்தை எடையைச் சொல்லித்தான் டாக்டரிடம் அளவு கேட்க வேண்டும், ஆறு மணி நேரத்துக்குள் மறுபடி கொடுக்கக் கூடாது, பெரியவர் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பவர்களை என்ன சொல்வது என்றே தெரியவில்லை, அப்புறம் கிரைப் வாட்டரோடு கலப்பது, வசம்பு சுட்டு நாக்கில் தடவுவது...

ஓய்வுபெற்ற சிஸ்டர்

நாத்தனாருக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுங்கள். ஆனால் "டாக்டரிடம் போக வேண்டியதில்லை" என்றதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஊசிக்குப் பின் வரும் காய்ச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும், உண்மை. அதே நாளில் சிறுநீர்த் தொற்றும் வரலாம் அல்லவா? ஆறு வாரக் குழந்தை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் பேசிவிடுங்கள். அவர் ஊசிக்காய்ச்சல் என்று சொன்னால் சரி.

கோவை அப்பா

முதுகு ஊசி விஷயம் புரிந்தது, நன்றி. பில் விஷயம் புரியவில்லை. என் தம்பி குழந்தை, இரண்டரை மாதம், அக்காவுக்குச் சளி, அதுவும் தும்மியது, 100.6. எல்லாப் பரிசோதனையும் எடுத்தார்கள், ஒரு ராத்திரி வைத்துக்கொண்டார்கள். கடைசியில் வைரஸ் என்று அனுப்பிவிட்டார்கள். முன்பே தெரியாதா?

இரட்டைப்பிள்ளை அம்மா

பணம் இருந்தால் பேசலாம் அண்ணா. எங்கள் ஊரில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் குழந்தை டாக்டரே கிடையாது. அரசு மருத்துவக் கல்லூரிக்கு நாற்பது கிலோமீட்டர். 108-ஐக் கூப்பிடலாமா, காய்ச்சலுக்கெல்லாம் வருவார்களா?

ஓய்வுபெற்ற சிஸ்டர்

கூப்பிடுங்கள். குழந்தைக்கு எத்தனை நாள், எத்தனை டிகிரி, பால் குடிக்கிறதா, மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வழியில் தாய்ப்பால் கொடுக்கலாம், நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள்.

கோவைக்காரரே, உங்கள் தம்பி குழந்தை விஷயத்தில் அந்த டாக்டர் செய்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அளவுக்கு மேல் செய்துவிட்டாரா என்று கேட்டால், இரண்டரை மாதத்தில், சளியும் தெளிவாக இருக்கும்போது, டாக்டர்களுக்குள்ளேயே அடித்துக்கொள்வார்கள். பதினைந்து நாளில் என்றால் யாரும் அடித்துக்கொள்ள மாட்டார்கள்.

சேலத்துக்காரி

சிஸ்டர், நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "நான் அப்பவே சொன்னேன், சாம்பிராணி இல்லைன்னு" என்றார். அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நான் எதுவும் பேசவில்லை. அந்த நாள்காட்டித் தாள் இன்னும் பையனுடைய ஃபைலில்தான் இருக்கிறது.