R = h/q என்று போட்டால் சோதனையில் இரண்டு மடங்கு வருகிறது

நீர்மட்டம்22:
வணக்கம். எங்கள் ஆய்வகத்தில் உருளை வடிவ டேங்க், குறுக்குப் பரப்பு 250 ச.செ.மீ. அடியில் ஒரு வால்வு வழியாகத் தண்ணீர் தானாக வெளியேறுகிறது. விநாடிக்கு 100 க.செ.மீ. உள்ளே விட்டால் மட்டம் 25 செ.மீ.-இல் நிற்கிறது. R = h/q = 0.25 என்று எடுத்து, 0.25/(62.5s + 1) என்று ட்ரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் எழுதினேன். அதன்படி ஓட்டத்தை 110 ஆக்கினால் மட்டம் 27.5-இல் நிற்க வேண்டும். ஆனால் 30-ஐத் தாண்டிக் கொஞ்சம் மேலே போய் நின்றது. நேரமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எதனால்?

கருணா_பிளான்ட்:
தம்பி, R = h/q சரிதான். வால்வில் அழுக்கு அடைத்திருக்கும், கழற்றிப் பாருங்கள். நான் பல வருடமாக லெவல் லூப்களை இந்தக் கணக்கில்தான் டியூன் செய்கிறேன், எதுவும் மோசம் போனதில்லை.

மாலதி_ப்ராசஸ்:
அடைப்பு காரணமாக இருக்க முடியாது. ஏற்கெனவே அடைத்திருந்தால் அதுவும் 100-இல் நின்ற அந்த 25-இலேயே சேர்ந்திருக்கும்.

h/q என்பது ஓட்டம் மெதுவாக, அடுக்கடுக்காகப் போகும் குழாய்க்குப் பொருந்தும். அங்கே மட்டம் இரண்டு மடங்கானால் ஓட்டமும் இரண்டு மடங்காகும். வால்வு வழியாகக் கொந்தளித்துப் போகும் தண்ணீருக்கு அந்த உறவு இல்லை. மட்டத்தின் வர்க்கமூலத்துக்குத்தான் ஓட்டம் ஈடு கொடுக்கும். உங்கள் எண்களில் √25 = 5, ஆகவே k = 100/5 = 20.

```
250 dh/dt = q − 20√h
d(20√h)/dh = 10/√h = 2     (h = 25)
250 dx/dt = u − 2x         (x = h − 25, u = q − 100)
X(s)/U(s) = 0.5/(125s + 1)
```

நமக்கு வேண்டியது 25-இல் நிற்கும்போது மட்டம் ஒரு செ.மீ. கூடினால் வெளியேறும் ஓட்டம் எவ்வளவு கூடும் என்பது. அதாவது அந்தப் புள்ளியில் வளைகோட்டின் சாய்வு. நீங்கள் எடுத்தது பூஜ்யத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு இழுத்த கோட்டின் சாய்வு. வர்க்கமூலத்துக்கு இரண்டும் சரியாக இரண்டு மடங்கு வித்தியாசப்படும், எந்த மட்டத்தில் எடுத்தாலும். அதனால் R = 2h/q. உங்கள் டேங்க் 30-ஐத் தாண்டி நின்றதும் சரியே. முழுச் சமன்பாட்டின்படி (110/20)² = 30.25.

நீர்மட்டம்22:
நன்றி மேடம். ஆனால் 0.5-ஐ 100-ஆல் பெருக்கினால் மட்டம் 50 என்று வருகிறதே? உண்மையில் 25 தானே?

மாலதி_ப்ராசஸ்:
100-ஐ உள்ளே கொடுக்கக் கூடாது. இந்த ட்ரான்ஸ்ஃபர் ஃபங்ஷனுக்கு 100 என்றால் பூஜ்யம், 110 என்றால் 10. வெளியே வரும் 5-ஐ 25-உடன் கூட்டிக்கொள்ள வேண்டும். சிமுலேஷனில் முழு ஓட்டத்தை நேராக இணைத்துவிட்டு, மட்டம் இரண்டு மடங்கு என்று குழம்புவது அடிக்கடி நடக்கும்.

எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் பார்த்துவிடுங்கள். ஓட்டத்தை 140 ஆக்கினால் இந்த மாடல் 45 சொல்லும், உண்மை 49. 60-ஆகக் குறைத்தால் 5 சொல்லும், உண்மை 9. இரண்டு பக்கமும் மாடல் குறைவாகத்தான் சொல்லும், ஏனென்றால் ஓட்டத்தைக் கிடைமட்டத்திலும் மட்டத்தைச் செங்குத்திலும் வரைந்தால் தொடுகோடு வளைகோட்டுக்குக் கீழேயே கிடக்கிறது. 40-க்கு இறக்கினால் மட்டம் மைனஸ் 5 என்று சொல்லும். உண்மையில் 4 செ.மீ. தண்ணீர் நிற்கும்.

கருணா_பிளான்ட்:
கணக்கு புரிகிறது. ஆனால் என் லூப்கள் இத்தனை வருடம் ஒழுங்காக ஓடினவே, அதற்கு என்ன பதில்? கெயின் பாதி என்றால் கன்ட்ரோலர் ஆடித் தீர்த்திருக்க வேண்டும்.

மாலதி_ப்ராசஸ்:
நல்ல கேள்வி அண்ணா. 0.25-ஐ 62.5-ஆல் வகுத்துப் பாருங்கள், 0.004. 0.5-ஐ 125-ஆல் வகுத்தாலும் அதே 0.004. இரண்டுமே 1/A. R எவ்வளவு என்றாலும் அந்த விகிதம் மாறாது. ஸ்டெப் கொடுத்த முதல் சில விநாடிகளில் இரண்டு மாடலும் ஒரே கோட்டில்தான் ஏறும், பிறகுதான் பிரியும். வேகமான லூப்பில் கன்ட்ரோலர் அந்த முதல் பகுதியை வைத்தே வேலை செய்கிறது. அதனால் உங்கள் Kc சரியாகவே வந்திருக்கும்.

தப்பாவது Ti தான். மூடிய லூப்புக்கு 100 விநாடி வேண்டும் என்று வைத்தால் Kc இரண்டு கணக்கிலும் 2.5. Ti மட்டும் உங்களுக்கு 62.5, எனக்கு 125. இந்த டேங்கில் உங்கள் எண்ணைப் போட்டால் மட்டம் செட்பாயின்டைச் சுமார் 7 சதவீதம் தாண்டிப் போய்த் திரும்பும். 125 போட்டால் தாண்டாது.

கருணா_பிளான்ட்:
7 சதவீதத்தை ஆலையில் யாரும் கவனிக்க மாட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், சமன்பாடு எழுதி வகைக்கெழு எடுப்பதை விட ஒரு ஸ்டெப் கொடுத்து வரைபடத்தில் படித்துக்கொள்வது நல்லது.

பாரி_லெவல்:
எங்கள் டேங்கில் வெளியே எடுப்பது கியர் பம்ப். மட்டம் என்னவானாலும் ஓட்டம் மாறுவதில்லை. எனக்கு R = 2h/q போட்டால் சரியாக வருமா?

மாலதி_ப்ராசஸ்:
வராது. உங்களுக்கு வர்க்கமூலமே இல்லை, 1/(As) தான். ஸ்டெப் கொடுத்தால் மட்டம் எங்கும் நிற்காது, நிரம்பி வழியும்.

கருணா அண்ணா, ஸ்டெப் சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெரிய ஸ்டெப் கொடுத்தால் கிடைப்பது தொடுகோட்டின் சாய்வு இல்லை. 100-லிருந்து 140-க்குப் போனால் 24 செ.மீ. ஏறும், கெயின் 0.6 என்று படிப்பீர்கள். 60-க்கு இறக்கினால் 16 செ.மீ. இறங்கும், அப்போது 0.4. மேலே ஒன்று, கீழே ஒன்று கொடுத்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால்தான் ஸ்டெப் அளவுக்கு மீறியதா என்று தெரியும்.

வைகைக்கரை:
எனக்கு வேறு சிக்கல். இதே பரப்பு, இதே 25 செ.மீ., இதே 100. 2h/q போட்டு 125 விநாடி கணக்கிட்டேன். சின்ன ஸ்டெப்தான் கொடுத்தேன், 200-க்குப் பக்கத்தில் வருகிறது.

மாலதி_ப்ராசஸ்:
வால்வு டேங்க் அடியிலேயே இருக்கிறதா, குழாய் கீழே இறங்கிப் போன பிறகு இருக்கிறதா?

வைகைக்கரை:
கீழே இறங்குகிறது. ஒரு சாண் இருக்கும். அளக்கவில்லை.

மாலதி_ப்ராசஸ்:
அப்படியானால் வால்வைத் தள்ளுவது 25 செ.மீ. தண்ணீர் மட்டும் அல்ல. ஸ்கேலின் பூஜ்யம் டேங்க் அடியில் இருக்கிறது, தண்ணீர் வெளியேறும் இடம் அதற்கும் கீழே. அந்த இறக்கம் z என்றால் R = 2(h + z)/q. z = 15 என்று வைத்தால் R = 0.8, டைம் கான்ஸ்டன்ட் சரியாக 200. ஆனால் 15 என்பது விடைக்காக நான் பொருத்திய எண், அதை நம்பிவிடாதீர்கள். நாலைந்து ஓட்டங்களில் மட்டத்தை நிலையாக நிற்கவிட்டு, q²-ஐக் கிடைமட்டத்திலும் h-ஐச் செங்குத்திலும் போட்டு வரையுங்கள். நேர்கோடாக வந்தால் வர்க்கமூல விதி உண்மை. q பூஜ்யமாகும் இடத்தில் கோடு காட்டும் மைனஸ் எண்ணில் குறியை விட்டால் கிடைப்பதுதான் z. குழாய் நீளமாக இருந்தால் அதன் உராய்வு q²-க்குச் சரியாக ஈடு கொடுக்காது, அதனால் டேப்பால் அளந்த z-உம் கோட்டில் வந்த z-உம் கொஞ்சம் வேறுபடலாம்.

நீர்மட்டம்22:
மட்டம் 9-லிருந்து 49 வரை மாறினால் ஒரே மாடல் போதுமா?

கருணா_பிளான்ட்:
போதும். மாலதி சொன்ன கணக்கையே போடுங்கள். 9-இல் 0.3/(75s + 1), 49-இல் 0.7/(175s + 1). இரண்டிலும் 0.004 தானே. உருளை டேங்குக்கு ஒரே Kc எல்லா மட்டத்திலும் ஓடும்.

மாலதி_ப்ராசஸ்:
லூப் வேகமாக இருந்தால் ஒத்துக்கொள்கிறேன். மெதுவான லூப்பில் Ti 75-க்கும் 175-க்கும் நடுவே எங்கே வைப்பது என்ற கேள்வி நிற்கும். நான் பெரிய எண்ணின் பக்கம் போவேன்.

கருணா_பிளான்ட்:
அப்படி வைத்தால் கீழ்மட்டத்தில் ஏதாவது தொந்தரவு வந்தால் மட்டம் திரும்பி வர நேரமாகும். நான் நடுவில்தான் வைப்பேன்.

நீர்மட்டம்22:
அடுத்த வாரம் கூம்பு டேங்க். அதற்கும் இதே முறைதானா?

மாலதி_ப்ராசஸ்:
புள்ளியில் சாய்வு எடுப்பது அதேதான். பரப்பும் மட்டத்தோடு மாறுகிறதே என்று பயப்பட வேண்டாம். நிலையான புள்ளியில் உள்ளே வருவதும் வெளியே போவதும் சமம் என்பதால் பரப்பின் வகைக்கெழு வரும் உறுப்பு பூஜ்யமாகிவிடும், அந்த மட்டத்தின் பரப்பை மட்டும் போட்டால் போதும். ஆனால் மட்டம் 10-லிருந்து 40-க்குப் போனால் பரப்பு 16 மடங்கு, டைம் கான்ஸ்டன்ட் 32 மடங்கு. கருணா அண்ணா நம்பும் அந்த 1/A-உம் அங்கே நிற்காது.

கருணா_பிளான்ட்:
கூம்புக்கு ஒரே Kc போதும் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் அதற்கும் இரண்டு புள்ளி போதும் என்பேன்.

மாலதி_ப்ராசஸ்:
32 மடங்குக்கு இரண்டு புள்ளியா? எனக்கு நம்பிக்கை இல்லை. தம்பி, சோதனை முடிந்ததும் வரைபடத்தை இங்கே போடுங்கள், பார்ப்போம்.